பெட்டி காட்டும் பரவல்

நுழையும்முன்

இருபது அளவீடுகளைக் கூட்டி இருபதால் வகுத்தால் கூட்டுச் சராசரி கிடைக்கும். அது ஒரே ஓர் எண். அந்த எண்ணைச் சுற்றி ஏனைய எண்கள் நெருங்கி நின்றனவா, சிதறிக் கிடந்தனவா, ஏதேனும் ஒன்று கூட்டத்தை விட்டு விலகி நின்றதா என்பவற்றை அது உரைக்காது. இவை மூன்றையும் ஒரே பார்வையில் காட்டும் படம் ஒன்று உண்டு. அதற்குப் பெட்டி வரைபடம் என்று பெயர். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜான் டூக்கி 1977ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் வழியாக இப்படம் உலகெங்கும் பரவியது. அப்படத்தை வரையும் முறையையும் படிக்கும் முறையையும் மெய்யான ஓர் அறிவியல் ஆய்வின் எண்களைக் கொண்டு இப்பாடத்தில் காண்போம். விலகி நிற்கும் எண்ணைப் பிழையென்று ஒதுக்கிவிடலாமா என்னும் வினாவுக்கும் அவ்வெண்களிடமே விடை தேடுவோம்.

ஒளியை அளந்த இளைஞர்

ஆல்பர்ட் மைக்கல்சன் அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரில் உள்ள கடற்படைக் கல்விக்கூடத்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1879ஆம் ஆண்டு, தம் இருபத்தாறாம் அகவையில், ஒளியின் திசைவேகத்தை அளக்க முற்பட்டார். விரைந்து சுழலும் ஆடி ஒன்றின் மீது ஒளிக்கற்றையைச் செலுத்தினார். அக்கற்றை ஏறத்தாழ 605 மீட்டர் தொலைவில் அசையாது நின்ற மற்றோர் ஆடியை அடைந்து மீண்டது. ஒளி சென்று மீளும் அந்த நுண்ணிய நேரத்திற்குள் சுழலும் ஆடி சிறிது திரும்பியிருக்கும். ஆதலால் மீண்ட ஒளி, புறப்பட்ட இடத்திலிருந்து சற்று விலகி விழும். அவ்விலக்கத்தை அளந்து, அதிலிருந்து திசைவேகத்தைக் கணக்கிட்டார்.

இவ்வாறு அவர் பதிவு செய்த நூறு அளவீடுகள், இருபது வீதம் ஐந்து தொகுதிகளாகப் புள்ளியியல் நூல்களில் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. அளவீடுகள் எல்லாம் நொடிக்கு 299 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்டவை. எனவே எளிமைக்காக 299,000 என்பதைக் கழித்துவிட்டு எஞ்சிய பகுதியை மட்டும் எழுதுவது வழக்கம். 850 என்று எழுதியிருந்தால், நொடிக்கு 299,850 கிலோமீட்டர் என்று பொருள் கொள்ள வேண்டும்.

முதல் தொகுதியின் இருபது அளவீடுகள், அவை எடுக்கப்பட்ட வரிசையில் வருமாறு:

850, 740, 900, 1070, 930, 850, 950, 980, 980, 880, 1000, 980, 930, 650, 760, 810, 1000, 1000, 960, 960

இவ்வடிவில் இவ்வெண்கள் நமக்கு எதையும் எளிதில் தெரிவிப்பதில்லை. எனவே முதலில் இவற்றை வரிசைப்படுத்துவோம்.

வரிசைப்படுத்தி நான்காகப் பிரித்தல்

எண்களை ஏறுவரிசையில் எழுதினால் பின்வரும் பட்டியல் கிடைக்கும்.

650, 740, 760, 810, 850, 850, 880, 900, 930, 930, 950, 960, 960, 980, 980, 980, 1000, 1000, 1000, 1070

வரிசையின் நடுவில் அமைவது இடைநிலை அளவு. எண்கள் இருபது என்பதால் நடுவில் ஒற்றை எண் இல்லை. பத்தாம் எண்ணும் பதினொன்றாம் எண்ணும் நடுவில் நிற்கின்றன. அவை 930, 950. அவற்றின் சராசரியாகிய 940 இத்தொகுதியின் இடைநிலை அளவு ஆகும். அளவீடுகளுள் பாதி இதற்குக் கீழும் பாதி இதற்கு மேலும் உள்ளன.

இடைநிலை அளவு வரிசையை இரண்டாகப் பிரித்தது. ஒவ்வொரு பாதியையும் மீண்டும் இரண்டாகப் பிரித்தால் கால்மானங்கள் கிடைக்கும். கீழ்ப்பாதியில் உள்ள பத்து எண்களின் நடுவில் நிற்பவை 850, 850. எனவே முதல் கால்மானம் 850. மேற்பாதியின் நடுவில் நிற்பவை 980, 980. எனவே மூன்றாம் கால்மானம் 980. இப்போது வரிசை நான்கு பகுதிகளாகப் பிரிந்துவிட்டது. ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து அளவீடுகள் உள்ளன.

மூன்றாம் கால்மானத்திலிருந்து முதல் கால்மானத்தைக் கழித்தால் கிடைப்பது கால்மான இடைவீச்சு. இங்கு அது 980 − 850 = 130. தரவின் நடுப்பாதி எவ்வளவு அகலத்திற்குள் அடங்கியுள்ளது என்பதை இந்த எண் கூறுகிறது.

இடைநிலை அளவுக்கும் கூட்டுச் சராசரிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இங்கேயே கருதிப் பார்க்கலாம். இத்தொகுதியின் கூட்டுச் சராசரி 909. படியெடுப்பவர் ஒருவர் 650 என்பதைத் தவறுதலாக 65 என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். கூட்டுச் சராசரி உடனே 879.75 ஆகக் குறைந்துவிடும். இடைநிலை அளவோ 940 என்றே நிற்கும். வரிசையின் முதலிடத்தில் உள்ள எண் எவ்வளவு சிறியது என்பதை இடைநிலை அளவு பொருட்படுத்துவதில்லை. அது முதலிடத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே கணக்கில் கொள்கிறது. கால்மானங்களும் அத்தகையனவே. பெட்டி இவற்றின் மீது எழுப்பப்படுவதால், ஓரிரு எண்கள் எல்லை கடந்து சென்றாலும் பெட்டி எளிதில் நிலைகுலைவதில்லை.

வேலியும் மீசையும்

ஓர் எண்கோட்டை வரைந்து, அதன் மேல் 850 முதல் 980 வரை ஒரு பெட்டியை அமைக்க வேண்டும். பெட்டிக்குள் 940 என்னும் இடத்தில் ஒரு குறுக்குக்கோடு இட வேண்டும். அக்கோடே இடைநிலை அளவு.

பெட்டியின் இரு பக்கங்களிலும் நீளும் கோடுகளுக்கு மீசைகள் என்று பெயர். அவை எதுவரை நீள வேண்டும்? மீச்சிறு எண் வரையிலும் மீப்பெரு எண் வரையிலும் நீட்டிவிட்டால், விலகி நிற்கும் எண்கள் மீசைக்குள் மறைந்துபோகும். எனவே டூக்கி ஒரு விதியை வகுத்தார். கால்மான இடைவீச்சைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவில், பெட்டியின் இருபுறமும் கண்ணுக்குப் புலப்படாத வேலி ஒன்று இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பதே அவ்விதி.

கீழ்வேலி: 850 − 1.5 × 130 = 655

மேல்வேலி: 980 + 1.5 × 130 = 1175

வேலிகள் கணக்கிற்கு மட்டுமே உரியவை. அவற்றைப் படத்தில் வரைவதில்லை. மீசை வேலி வரை நீளாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வேலிக்கு உட்பட்ட கடைசி அளவீட்டோடு அது நின்றுவிடும். மேற்புறத்தில் 1175 வரை இடம் இருந்தாலும், மெய்யான அளவீடு 1070 தான். ஆகவே மேல்மீசை 1070இல் முடிகிறது. கீழ்ப்புறத்தில் 655க்கு உட்பட்ட கடைசி அளவீடு 740. ஆகவே கீழ்மீசை 740இல் முடிகிறது.

650 மட்டும் வேலிக்கு வெளியே நிற்கிறது. அதைத் தனிப் புள்ளியாக இட வேண்டும். இவ்வாறு வேலிக்கு வெளியே அமையும் மதிப்பைப் புறமதிப்பு என்பர்.

இரு பெட்டிகளை அருகருகே படித்தல்

ஒரு பெட்டியைத் தனியே பார்ப்பதைக் காட்டிலும், இரண்டை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும்போது பல செய்திகள் புலனாகும். மைக்கல்சனின் மூன்றாம் தொகுதி ஏறுவரிசையில் வருமாறு:

620, 720, 720, 840, 840, 840, 840, 840, 850, 850, 860, 860, 870, 880, 880, 880, 880, 910, 950, 970

முன்போலவே கணக்கிட்டால், இடைநிலை அளவு 855, முதல் கால்மானம் 840, மூன்றாம் கால்மானம் 880 எனக் கிடைக்கும். கால்மான இடைவீச்சு வெறும் 40. அதன் ஒன்றரை மடங்கு 60. ஆதலால் கீழ்வேலி 780இலும் மேல்வேலி 940இலும் அமைகின்றன. இரண்டு தொகுதிகளையும் படத்தில் காண்க. சிறு வட்டங்கள் புறமதிப்புகளைக் குறிக்கும்.

```
முதல் தொகுதி
     o        |----------[========|===]--------|

மூன்றாம் தொகுதி
  o         o           [=|=]--|   o o

+---------+---------+---------+---------+---------+
600       700       800       900       1000      1100
```

முதற்கண் குறுக்குக்கோடுகளை நோக்குக. முதல் தொகுதியின் நடு 940. மூன்றாம் தொகுதியின் நடு 855. ஒரே கருவி, ஒரே ஆய்வாளர். ஆயினும் இரு தொகுதிகளின் நடுவும் நொடிக்கு 85 கிலோமீட்டர் வேறுபடுகின்றன.

அடுத்துப் பெட்டிகளின் அகலத்தை நோக்குக. முதல் பெட்டி அகன்றது. மூன்றாம் பெட்டி மிகக் குறுகியது. மூன்றாம் தொகுதியின் நடுப்பாதி அளவீடுகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கின்றன என்பதே இதன் பொருள். மாணவர் பலர் இங்கு இடறுவதுண்டு. அகன்ற பெட்டியில் மிகுதியான அளவீடுகள் உள்ளன என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். இரு பெட்டிகளும் தத்தம் தொகுதியின் நடுப்பாதியையே அடக்கியுள்ளன. அகலம் காட்டுவது எண்ணிக்கையை அன்று, பரவலை.

மூன்றாவதாக, பெட்டிக்குள் குறுக்குக்கோடு எங்கே நிற்கிறது என்று நோக்குக. முதல் பெட்டியில் அது வலப்பக்கம் ஒதுங்கியுள்ளது. கோட்டுக்கு இடப்புறம் 90 அலகும் வலப்புறம் 40 அலகும் உள்ளன. இரு புறமும் உள்ள அளவீடுகளின் எண்ணிக்கை ஒன்றே என்பதால், வலப்புறத்தவை நெருங்கியும் இடப்புறத்தவை தளர்ந்தும் அமைந்துள்ளன என அறியலாம். கூட்டுச் சராசரி (909) இடைநிலை அளவைவிடக் (940) குறைந்திருப்பதும் இதனாலேயே.

இறுதியாக மீசைகளையும் வட்டங்களையும் நோக்குக. மூன்றாம் பெட்டிக்கு இடப்பக்க மீசையே இல்லை. இது வரைந்தவரின் பிழையன்று. வேலிக்கு உட்பட்ட மீச்சிறு அளவீடும் முதல் கால்மானமும் 840 என்னும் ஒரே எண்ணாக அமைந்துவிட்டதால், மீசை நீள இடமில்லாமல் போயிற்று. மேலும், படத்தில் நான்கு வட்டங்களே தெரிகின்றன, புறமதிப்புகளோ ஐந்து. 720 இருமுறை வருவதால் ஒரு வட்டத்தின் மேல் மற்றொன்று அமர்ந்துவிட்டது. வட்டங்களை எண்ணும்போது தரவுப் பட்டியலையும் ஒருமுறை சரிபார்த்தல் நன்று.

புறமதிப்பு பிழையா?

மூன்றாம் தொகுதியில் 950 புறமதிப்பு. அதே 950 முதல் தொகுதியில் பெட்டிக்குள்ளேயே அமைந்திருக்கிறது. எண் மாறவில்லை, அதன் சுற்றம் மாறியிருக்கிறது. நெருக்கமாக நிற்கும் கூட்டத்தில் சிறு விலக்கமும் கண்ணில் படும். தளர்ந்து நிற்கும் கூட்டத்தில் பெரிய விலக்கமும் கண்ணில் படாது. ஆகவே, ஒரு மதிப்பு தன் தொகுதியிலுள்ள பிற மதிப்புகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே புறமதிப்பு என்னும் பெயர் குறிக்கிறது. அம்மதிப்பு தவறானது என்று அப்பெயர் கூறவில்லை.

இதை உறுதிப்படுத்தும் வாய்ப்பை மைக்கல்சனின் எண்கள் நமக்கு அளிக்கின்றன. பெரும்பாலான ஆய்வுகளில் மெய்யான விடை எது என்பது எவருக்கும் தெரியாது. இங்கோ நமக்குத் தெரியும். வெற்றிடத்தில் ஒளியின் திசைவேகம் நொடிக்கு 299,792.458 கிலோமீட்டர் என்பது இன்று வரையறுக்கப்பட்ட மதிப்பு. மைக்கல்சன் அளந்தது காற்றில். காற்றில் ஒளி சற்று மெதுவாகச் செல்லும். எனவே அவருடைய அளவுகோலில் மெய்யான மதிப்பைப் புள்ளியியல் நூல்கள் 734.5 என்று கொள்கின்றன.

இந்த எண்ணைப் படத்தில் குறித்துப் பாருங்கள். அது இரண்டு பெட்டிகளுக்கும் வெளியே, இடப்புறத்தில் விழுகிறது. முதல் தொகுதியின் இடைநிலை அளவு மெய்ம்மதிப்பிலிருந்து 205.5 அலகு மிகுந்துள்ளது. புறமதிப்பு என்று நாம் தனித்து நிறுத்திய 650 மெய்ம்மதிப்பிலிருந்து 84.5 அலகு மட்டுமே குறைந்துள்ளது. மூன்றாம் தொகுதியிலோ, ஒதுங்கி நின்ற இரண்டு 720களும் மெய்ம்மதிப்புக்கு 14.5 அலகு தொலைவில் உள்ளன. இருபது அளவீடுகளுள் உண்மைக்கு மிக அருகில் நிற்பவை அவையே.

இனி, புறமதிப்புகளெல்லாம் பிழையென்று கருதி ஒருவர் ஐந்தையும் நீக்கிவிட்டதாகக் கொள்வோம். நீக்குவதற்கு முன் மூன்றாம் தொகுதியின் கூட்டுச் சராசரி 845. நீக்கிய பின் அது ஏறத்தாழ 861. தரவு தூய்மையடைந்ததுபோல் தோன்றும். படம் அழகாகவும் காட்சியளிக்கும். விடையோ மெய்ம்மதிப்பிலிருந்து மேலும் விலகிச் சென்றிருக்கும்.

இதிலிருந்து, விலகி நின்ற எண்களே எப்போதும் சரியானவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த 720கள் தற்செயலாகவும் உண்மைக்கு அருகில் விழுந்திருக்கலாம். நாம் அறிந்துகொள்ள வேண்டியது வேறு. அளவீடுகள் பெரும்பாலும் ஒரே திசையில் மிகுந்து அமைந்திருந்தன. அனைத்தையும் ஒருசேரத் தள்ளும் இத்தகைய பிழையைப் பெட்டி வரைபடத்தால் காட்ட இயலாது. ஏனெனில் அளவீடுகள் எல்லாம் சேர்ந்து நகரும்போது பெட்டியும் அவற்றோடு நகர்ந்துவிடும். குறுகிய பெட்டி அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும். அவை உண்மையோடு ஒத்துப்போகின்றன என்பதற்கு அது சான்றாகாது.

புறமதிப்பைக் கண்டால் செய்ய வேண்டியது

வட்டம் ஒன்று தெரிந்தவுடன், முதலில் மூலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எண் சரியாகப் படியெடுக்கப்பட்டதா, அலகு மாறிவிட்டதா, அளவீட்டின்போது கருவியில் ஏதேனும் இடையூறு குறிக்கப்பட்டுள்ளதா என ஆராய வேண்டும். மைக்கல்சன் ஒவ்வோர் அளவீட்டோடும் நாள், வெப்பநிலை, ஒளிப்படிமத்தின் தெளிவு முதலியவற்றையும் பதிவு செய்திருந்தார். அத்தகைய குறிப்புகள் இருந்தால்தான் விலகிய எண்ணுக்குக் காரணம் தேட முடியும்.

காரணம் கிடைத்தால் திருத்தலாம் அல்லது நீக்கலாம். நீக்கியதையும் அதற்கான காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். காரணம் கிடைக்கவில்லையெனில், எண்ணைத் தரவிலேயே வைத்திருக்க வேண்டும். அதனைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்கிட்டு, இரண்டு முடிவுகளையும் தருவது நேர்மையான முறை.

தரவின் அளவையும் கருத்தில் கொள்ள வேண்டும். எந்தப் பிழையும் இல்லாத, இயல்நிலைப் பரவலைப் பின்பற்றும் தரவிலும், ஆயிரத்திற்கு ஏறத்தாழ ஏழு மதிப்புகள் டூக்கியின் வேலிக்கு வெளியே விழும். பத்தாயிரம் மதிப்புகள் கொண்ட தரவில் எழுபது வட்டங்கள் தோன்றினால் அதில் வியப்பில்லை. இருபது மதிப்புகளில் ஐந்து வட்டங்கள் தோன்றினால், அதற்கான காரணத்தை ஆராயத்தான் வேண்டும்.

கற்பவை கற்றபின்

மைக்கல்சனின் இரண்டாம் தொகுதி ஏறுவரிசையில் கீழே தரப்பட்டுள்ளது.

760, 790, 790, 800, 800, 800, 810, 830, 830, 840, 850, 880, 880, 880, 880, 900, 940, 940, 960, 960

1. இடைநிலை அளவு, கால்மானங்கள், கால்மான இடைவீச்சு ஆகியவற்றைக் கண்டு, பெட்டி வரைபடம் வரைக. (சரிபார்க்க: இடைநிலை அளவு 845, கால்மானங்கள் 800, 890.)

2. இரு வேலிகளையும் கணக்கிட்டு, புறமதிப்பு உண்டா எனக் கூறுக. மீசைகள் எவ்வெண்களில் முடிகின்றன?

3. (n + 1)/4 என்னும் வாய்பாட்டின்படி கால்மானங்களின் இடத்தைக் கண்டால், மூன்றாம் கால்மானம் 895 எனக் கிடைக்கும். முதல் தொகுதியில் இரு முறைகளும் ஒரே விடையைத் தர, இங்கு மட்டும் விடை மாறுவது ஏன்? 15ஆம், 16ஆம் எண்களை ஒப்பிட்டு விளக்குக. இம்மாற்றத்தால் புறமதிப்பு பற்றிய முடிவு மாறுகிறதா?

4. இரண்டாம் தொகுதியில் 734.5 என்னும் மெய்ம்மதிப்பு எங்கே அமைகிறது? புறமதிப்பு எதுவும் இல்லாத ஒரு தொகுதி பிழையற்ற தொகுதியாகுமா? உம் விடையைப் படத்தைச் சான்றாகக் கொண்டு ஒரு பத்தி அளவில் எழுதுக.